இருபதாயிரத்தை எத்தனையால் வகுப்பது

மெத்தைக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். “இது இருபத்தெட்டு டென்சிட்டி. ஏழாயிரம், ரெண்டு வருஷ வாரண்டி. வருஷத்துக்கு மூவாயிரத்து ஐநூறு ஆகுது. அது நாப்பது டென்சிட்டி, நல்ல கெட்டி, இருபதாயிரம், பத்து வருஷம். வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான். ஒரு அங்குலத்துக்கு மேல குழி விழுந்தா மாத்திக் கொடுப்போம். கறை பட்டா மட்டும் எதுவும் கிடையாது.”

“நாப்பதே போடுங்க,” என்றாள் தங்கை. அப்பா படுக்கையில் விழுந்து மூன்று வருடம். போன வருடம் அண்ணன் மலிவாக வாங்கிப் போட்ட மெத்தை நடுவில் குழிந்து, அவருடைய இடுப்பெலும்பு கட்டில் பலகையில் இடிக்கிறது. புரட்டிப் போடும்போதெல்லாம் அவர் போடும் சத்தத்தை அவள்தான் கேட்கிறாள். அந்தக் கஞ்ச மகாபிரபு மாதத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்த்தாலே அதிகம்.

“கணக்கு தப்பு,” என்றான் அண்ணன். “அப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். பத்தால ஏன் வகுக்கிறே? ஒண்ணால வகு.”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்பாவின் பென்ஷன் பணம் அவள் கைப்பையில் இருந்தது. கல்லாவை நோக்கி நடந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வளையல் உடைந்து சதையில் ஏறியது. “பணத்தைக் குடுடி!” என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காது ‘ங்ஙொய்’ என்றது.

ஒன்றை அவன் மறந்திருந்தான். அறுபது கிலோ மனிதரை ஒரு நாளைக்கு மூன்று முறை தூக்கிப் புரட்டுகிறவள் அவள்.

அக்குளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அப்பாவைத் தூக்கும் அதே பிடிதான், ஆனால் அப்பாவை இறக்குவதுபோல மெதுவாக இறக்கவில்லை. காட்சிக்குப் போட்டு, வருகிறவன் போகிறவனெல்லாம் உட்கார்ந்து நசுங்கிப்போன இருபத்தெட்டு டென்சிட்டி மெத்தையில் அவனைத் தூக்கி அடித்தாள். முதுகெலும்பு பலகையில் மோதியது கடை முழுக்கக் கேட்டது. எழப் பார்த்தவனின் மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் குத்தினாள். ஒருமுறை, இன்னொருமுறை.

“பலகை தட்டுதா? சொல்லு. தட்டுதா?”

“தட்டுது... விடு, வலிக்குது...”

“ரெண்டு நிமிஷம்தான் படுத்திருக்கே. அவர் ஒரு வருஷமா படுத்திருக்கார்!”

கடைக்காரர் அவளை இழுத்துப் பிடிப்பதற்குள் அண்ணனின் மூக்கு உடைந்திருந்தது. வெள்ளை உறையில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது.

“ஐயோ, கறை! இனி இதை யார் தலையில கட்டுறது?” என்றார் கடைக்காரர்.

தங்கை சேலையைச் சரிசெய்துகொண்டு பென்ஷன் பணத்தை எண்ணி வைத்தாள். அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை.

“நாப்பது, அப்பாவுக்கு. இன்னிக்கே வீட்டுல இறக்கணும்,” என்றாள். பிறகு அண்ணனைக் காட்டினாள். “அந்தக் கறை பட்ட மெத்தையை இவர் பேர்ல பில் போடுங்க. வீட்டுக்கே எடுத்துட்டுப் போகட்டும். இவருக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க. கணக்கு அவங்களுக்கும் நல்லாவே தெரியும்.”