ஊசி எத்தனை நாளுக்கு

1934 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. அன்னூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் மாட்டுக்கு மாடு தொற்றும் வெக்கை நோயால் ஏழு மாடுகள் இறந்தன.

அந்தத் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்காரர் ஆறுச்சாமிக்கும் ஒரே கிணறு. நாளுக்கு ஒருவர் என்று முறைவைத்து, மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தார்கள். அன்று பகலிலேயே ஆறுச்சாமி பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கு வந்து, கோட்டைமேட்டில் அப்துல் குத்தூஸின் அச்சகத்தைத் தேடிப் பிடித்தார். கையில் 'கால்நடை நோய்கள்' என்ற புத்தகம் இருந்தது. அதை எழுதிய குமாரசாமி, விவசாயிகளுக்கான மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். அங்கே உட்கார்ந்து இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதை எழுதுனவருங்களா?"

"நாந்தானுங்க. உக்காருங்க."

"எம்பட மாடு நாலுக்கும் மூணு வாரம் முன்னாடி சீரம் ஊசி போட்டாச்சுங்க. அப்ப நோவு பக்கத்து ஊர்லதான் இருந்துச்சு. இப்ப எங்க கெணத்து மேட்டுக்கே வந்துபோட்டுது. இன்னொருக்கா போடோணுங்களா? எறைப்பை நிறுத்தோணுங்களா? நிறுத்துனா பருத்தி காஞ்சுபோயிருமுங்க."

குமாரசாமி முப்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊசி போட்ட மாட்டை நோய் அண்டாது என்று அதில் இருந்தது.

"மறுபடி வேண்டாமுங்க. தைரியமா எறைங்க."

"எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க?"

"அதெல்லாம் நெடுநாளைக்குங்க."

ஆறுச்சாமி கும்பிட்டுவிட்டுப் போனார். அச்சுக் கோத்துக்கொண்டிருந்த குத்தூஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"ஆசிரியரே, அடிக்குறிப்பு அத்தனையும் அதே வெள்ளைக்காரர்தானுங்களா? அவரு பேரைக் கோத்துக் கோத்து எம்பட எழுத்தெல்லாம் தேஞ்சுபோச்சு. உலகத்துல வேற ஆரும் மாடு பாக்கறதில்லீங்களா?"

"பெரிய புஸ்தகமுங்க அது. எல்லாம் அதுலயே இருக்குது."

"அப்ப அந்தாளு கேட்ட நாள் கணக்கும் இருக்குமே. பாத்துச் சொல்லியிருக்கலாமுல்ல?"

குமாரசாமி வீட்டுக்குப் போய் ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தார். அந்த நாள் கணக்கு அதில் இல்லை. அதை எழுதியவர் ஒரே ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே சீரத்தோடு நோய்கண்ட மாட்டின் ரத்தத்தையும் சேர்த்து ஏற்றினார்கள். அப்படிச் செய்த மாடுகளுக்குத்தான் நெடுநாள் காப்பு. சீரத்தை மட்டும் போடும் வழக்கத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. இங்கே கிராமங்களில் போட்டது சீரம் மட்டுமே.

மறுநாள் காலையில் அவர் விவசாயக் கல்லூரி நூலகத்துக்குப் போனார். மாகாணக் கால்நடைத் துறையின் ஆண்டறிக்கைகள், வடக்கேயிருந்து வரும் ஆராய்ச்சி இதழ்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குறிப்புகள் என்று இரண்டு நாள் படித்தார். சீரத்தின் காப்பு ஒன்பது நாள் என்றார் ஒருவர். பதினான்கு நாள் என்றார் இன்னொருவர். மூன்று வாரம் என்று யாரும் சொல்லவில்லை. ஊசி போட்ட கையோடு நோய்கண்ட மாட்டுடன் கலந்து நின்றவற்றுக்கு மட்டும் காப்பு நீடித்ததாகச் சில அறிக்கைகள் கூறின. ஆட்டில் வளர்த்த கிருமியை ஏற்றுவதைப் பற்றி ஒரு விவாதமே நடந்துகொண்டிருந்தது. நாட்டு மாடுகள் தாங்கின என்றார்கள் பலர். மலைப்பகுதி மாடுகள் சில தாங்கவில்லை என்றார்கள் வேறு சிலர். இவற்றில் ஒரு வரிகூட அவருடைய புத்தகத்தில் இல்லை. எழுதும்போது இதே நூலகத்துக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அன்னூர் போனார். மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரையும் கையோடு கூட்டிக்கொண்டு தோட்டத்தை அடைந்தபோது கவலை ஓடவில்லை. கட்டுத்தறியில் ஆறுச்சாமியின் மனைவி தெய்வாத்தாள் ஒரு காளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. மற்ற மூன்றும் தீனி எடுக்கவில்லை.

"நேத்து வரைக்கும் எறைச்சோமுங்க," என்றார் ஆறுச்சாமி. "நீங்க சொன்னீங்கன்னு."

"நான் சொன்னது தப்புங்க. சீரத்துக்கு ரெண்டு வாரந்தான்."

"புஸ்தகத்துல போட்டிருந்துச்சே?"

"நான் ஒரே புஸ்தகத்தைப் பாத்து எழுதிப்போட்டேனுங்க."

தெய்வாத்தாள் திரும்பினாள். "ரெண்டாவதா ஒண்ணைப் பாக்க உங்களுக்கு நேரமில்லீங்களா சாமி?"

குமாரசாமி காளையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூட வந்த ஊசிக்காரர் நான்குக்கும் சீரம் போட்டார். காய்ச்சல் கண்டபின் போடுவது எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஞாயிறன்று கழிச்சல் கண்டது. அடுத்த வாரம் மூன்று மாடுகள் இறந்தன. ஒன்று பிழைத்தது.

அச்சுக் கோத்து முடித்த பக்கங்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சொன்னார் குமாரசாமி. குத்தூஸ் மறுபேச்சில்லாமல் பிரித்தார். முதல் பதிப்பில் முந்நூறு பிரதி விற்றிருந்தது. வாங்கியவர்கள் யார் என்று இருவருக்கும் தெரியாது. திருத்தத்தைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போட்டார்கள். வெக்கை நோய் அத்தியாயம் முப்பத்தொரு மூலங்களிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. கருத்து மாறுபட்ட இடங்களில் மாறுபாடும் அப்படியே அச்சானது. இரண்டாம் பதிப்பு நவம்பரில் வெளிவந்தது.

கவலை இறைக்க ஒரு ஜோடி மாடு வேண்டும். ஆறுச்சாமியின் பருத்தி மார்ச் முதல் வாரத்தில் காய்ந்தது. வைகாசியில் கணவனும் மனைவியும் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.