யார் டிக்கெட்டில் குழந்தை

நாத்தனாருக்கு டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. அதைவிடப் பெரிதாக வாய் இருந்தது. தம்பி குடும்பம் விடுமுறைக்கு விமானத்தில் வெளிநாடு கிளம்புகிறது என்றதும் தானும் ஒட்டிக்கொண்டு, டிக்கெட் போடும் பொறுப்பையும் பிடுங்கிக்கொண்டாள். தனக்கும் தம்பிக்கும் ஒரே புக்கிங். தம்பி மகன் உருண்டையை, பட்டப்பெயருக்குத் துளியும் குறைவைக்காத பிள்ளையை, கைக்குழந்தையாகத் தம்பி டிக்கெட்டோடு சேர்த்தாள். தம்பி மனைவியை மட்டும், உனக்குத்தான் புது வேலையில சம்பளம் வரப்போகுதே, நீயே போட்டுக்கொள் என்று வெளியே நிறுத்தினாள்.

பிள்ளையை என் டிக்கெட்டில் சேர்க்கக் கூடாதா என்று தம்பி மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுப் புள்ள எங்களோடயே இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது பிறந்த தேதி. இரண்டு வயது முடியாத குழந்தையைத்தான் மடியில் வைத்துப் போகலாம். பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். முடிந்துவிட்டால் தனி சீட், தனி டிக்கெட். ஊர் திரும்பும் நாளில் உருண்டைக்கு இரண்டு முடிந்திருக்கும். ஆனால் நாத்தனார் டிக்கெட்டில் அடித்தது வேறு தேதி. பையனின் முதல் பிறந்தநாளைத் தன் வசதிக்காக மூன்று வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டாட வைத்தவள் அவள்தான். அந்த ஞாயிறே பையன் பிறந்த தேதி என்று அவள் மண்டையில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது.

தேதி தப்பு என்று சொன்னதற்கு, "விழா எடுத்தவளே நான். எனக்கே தேதி சொல்றியா?" என்று பாய்ந்தாள். அக்காவுக்கு இதுதான் தொழில், நீ சும்மா இரு என்றான் புருஷன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போகும்போது எந்தத் தேதிப்படி பார்த்தாலும் பையனுக்கு இரண்டு முடியவில்லை. அதனால் யாரும் கிளறவில்லை. தொட்டில் வேண்டும் என்று கேட்டுவைத்து, எதிரே சுவர் மட்டும் இருக்கும் முன்வரிசையை நாத்தனார் வாங்கியிருந்தாள். தொட்டிலை மாட்ட வந்த பணிப்பெண் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது பதினோரு கிலோவுக்கு மேல் தாங்காது என்று திருப்பி எடுத்துப் போனாள். உருண்டை பதின்மூன்று கிலோ. கால் நீட்ட இடம் மட்டும் நாத்தனாருக்கு மிஞ்சியது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். பின்னால், முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவிடம், அழுத பிள்ளை வந்து சேர்ந்தது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் அப்பன் மடி, நடுவில் வழி முழுக்க அவள் மடி.

திரும்பும் நாள் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை அவள் புது வேலையில் சேர வேண்டும். அன்று வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். அந்த வேலை நாத்தனாரின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"குழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. மடியில வெச்சுட்டுப் போக முடியாது. தனி டிக்கெட் வாங்கணும். ஆனா இதுல சீட் இல்ல."

யாராவது இறங்கிக்கொண்டாலும் அந்த இடம் ஏற்கெனவே காத்திருப்பவர்களுக்குத்தான் போகும், அடுத்த விமானம் நாளை மறுநாள் என்றார். தானும் இதே தொழில்தான் என்று நாத்தனார் குரலை உயர்த்தினாள். அவர் பாஸ்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி, தேதியின் மேல் விரலை வைத்தார். அவள் தம்பி மனைவி பக்கம் திரும்பினாள்.

"அம்மாக்காரிதானே கூட இருக்கணும். புள்ளைய விட வேலையா பெருசு?"

புருஷன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ இருந்து கூட்டிட்டு வா" என்றான், டிராலியைப் பார்த்து.

இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் அவள் தொண்டைக்கு வந்தது. அதை அவர்கள்மேல் துப்பாமல் கவுண்டர்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குழந்தை யார் டிக்கெட்ல இருக்கான்?"

"அப்பா டிக்கெட்ல. அவங்க மூணு பேரும் ஒரே புக்கிங். உங்களுது தனி, மேடம். நீங்க தாராளமா போகலாம்."

அவள் டயப்பர் பையைக் கழற்றி நாத்தனாரின் தோளில் மாட்டினாள். உருண்டையை முத்தமிட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"எங்க வீட்டுப் புள்ளன்னு சொன்னீங்களே அண்ணி. உங்களோடயே இருக்கட்டும்."

பிள்ளை கத்துவது பாதுகாப்புச் சோதனை வரை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

விமானத்தில் பெல்ட்டை மாட்டியபோது மடி வெறிச்சென்று கிடந்தது. போன் அதிர்ந்தது. நாத்தனார்தான்: 'பாலுக்கு எத்தனை ஸ்பூன் போடணும்? எப்படித் தூங்க வைப்ப?'

எத்தனை ஸ்பூன், எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் சாய்த்துத் தட்டினால் தூங்குவான் என்று ஒன்று விடாமல் எழுதினாள். பிள்ளை என்ன பாவம் செய்தது? கடைசியில் இன்னொரு வரி சேர்த்து அனுப்பிவிட்டு போனை அணைத்தாள்.

'அவன் பிறந்த தேதி பாஸ்போர்ட்ல இருக்கு அண்ணி. புது டிக்கெட் போடும்போது அதைப் பார்த்துப் போடுங்க.'