திரும்பி வராத டேப் ரிக்கார்டர்

அண்ணியும் நானும் சேர்ந்து வியாபாரம் பண்ணிய அந்த மூணு வருஷத்தை நினைத்தால் இப்போதும் ஒட்டு டேப் கிழிபடுகிற சத்தம்தான் முதலில் காதில் விழும். அண்ணனுடைய வீட்டின் பின்னறைதான் எங்கள் கடை. பழைய டேப் ரிக்கார்டர்களை வாங்கி, அண்ணி பழுது பார்ப்பார். நான் படமெடுத்து இணையத்தில் விற்பேன். அனுப்பும்போதும் சரி, திரும்பி வந்தால் பிரிக்கும்போதும் சரி, வீடியோ எடுக்காமல் அண்ணி விடமாட்டார். "உன் அண்ணன் கல்யாண வீடியோகூட இவ்வளவு தெளிவா இல்லடி" என்று சிரிப்பார்.

ஒருநாள் ஒரு ரிக்கார்டர் திரும்பி வந்தது. வாங்கியவர் வயதானவர். பட்டன் ரொம்ப கடினமாக இருக்கிறது, மனைவியின் விரலுக்கு அழுந்தவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். பெட்டியை நாலு பக்கமும் திருப்பிக் காட்டி நான் வீடியோ எடுக்க, அண்ணி பிரித்தார். உள்ளே ஒரு உடைந்த தரை ஓடு. பழைய துண்டில் சுற்றி, சத்தம் வராமல் வைத்திருந்தார்கள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். விற்பனைத் தளத்தின் வழியாகவே அவருக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது, போன் நம்பரோடு. அண்ணிதான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"நான் நல்லாத்தான் வச்சுக் கட்டினேம்மா. எங்க வீட்டுப் பிரவுன் டேப்பால மூணு சுத்து. காலியாவோ வேற பொருளாவோ வந்திருந்தா, வழியில யாரோ மாத்தியிருக்காங்க," என்றார் அந்தப் பெரியவர்.

"எல்லாரும் இதையேதான் சொல்வாங்க அண்ணி," என்றேன் நான், அண்ணி போனை வைத்ததும்.

பார்சல் கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் புகார் போட வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'வாங்கியவர் தவறான பொருளைத் திருப்பினார்' என்பது ஒன்று. 'வழியில் பார்சல் மாற்றப்பட்டது' என்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அவருக்குப் போகவேண்டிய பணத்தைத் தளம் நிறுத்திவைக்கும், விசாரணையும் சீக்கிரம் முடியும். இரண்டாவது கூரியர் பக்கம் போகும். வாரக்கணக்கில் இழுக்கும், கிடைக்காமலும் போகலாம். எங்களிடம் அனுப்பியபோது எடுத்த வீடியோ, அதில் தெளிவாகத் தெரியும் வரிசை எண், பிரித்த வீடியோ எல்லாம் இருந்தன. முதல் கட்டத்தில் டிக் போட்டு, அவர் பெயரையும் எழுதி முடித்துவிட்டேன். அனுப்ப விரல் போனபோது அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு. பிரிச்ச வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாரு."

பார்த்தேன். அட்டையின் ஒரு ஓரத்தில் பிரவுன் டேப்பை அறுத்திருந்தார்கள். அதன்மேல் கண்ணாடி மாதிரி இன்னொரு டேப் ஓடியிருந்தது.

"அவரே இரண்டு தடவை ஒட்டியிருக்கலாமே?" என்றேன்.

"இருக்கலாம். அதைத்தான் நாளைக்குக் கூரியர்ல கேட்கப் போறோம்."

மறுநாள் காலை இருவரும் பெட்டியோடு கூரியர் கிளைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் எங்களைத் தினமும் பார்ப்பவர். ஆனாலும் வழியில் பதிவான எடையைக் கேட்டதும் முகம் சுளித்தார். "எடை எல்லாம் சொல்லக்கூடாதும்மா."

"எங்க பார்சல் எடையை எங்ககிட்ட சொல்லக்கூடாதாண்ணே?" என்று அண்ணி கேட்ட விதத்தில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. லேபிள் நம்பரைத் தட்டினார். வாங்கியவர் வீட்டில் எடுத்தபோது ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கிராம். எங்கள் ஊர்க் கிடங்கில் இறங்கியபோது அறுநூற்று நாற்பது.

அவரே அந்தப் பக்கத்தை அச்செடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் கடைசியாக ஒருமுறை முயன்றேன். "அண்ணி, இந்தத் தாளை யாருக்கும் காட்டாம முதல் கட்டத்தையே போட்டா ஜெயிச்சிடுவோம். நம்ம வீடியோ போதும்."

அண்ணி நடையை நிறுத்தவில்லை. "போதும்தான். அந்த மனுஷனுக்குத்தான் போதாது. செய்யாத தப்புக்கு அவர் பணம் போகும்."

இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டோம். வீடியோக்களையும், அறுந்த டேப்பின் படத்தையும், எடைத் தாளையும் சேர்த்தோம். அவருக்கு அந்த வாரமே பணம் போய்விட்டது. எங்கள் புகாரைக் கூரியர்காரர்கள் முதலில் 'ஆதாரம் போதவில்லை' என்று தள்ளினார்கள். எடைத் தாளை முன்னால் வைத்து அண்ணி மறுமுறையீடு எழுதினார். மூன்றாவது வாரம் கூரியர் நிறுவனம் ஒப்புக்கொண்டது; பார்சலுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த மதிப்பைத் தந்தது. ரிக்கார்டர் மட்டும் யார் வீட்டில் பாடுகிறதோ, கடைசிவரை தெரியவில்லை.

அண்ணனுக்கு மாற்றல் வந்து அவர்கள் போய்ப் பல வருஷமாகிறது. நான் தனியாக, சொந்தக் கிடங்கு வைத்து, நாலு பேரை வேலைக்கு வைத்து நடத்துகிறேன். அந்தப் பின்னறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த சுகம் இங்கே இல்லை.

பின்னறையில் இருந்த காலத்திலேயே அந்தப் பெரியவர் எங்களிடம் இன்னொன்று வாங்கினார். "நீங்க என்னை நம்பினீங்க, அது பெரிய விஷயம்மா," என்று என்னிடம்தான் போனில் சொன்னார். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் "பரவாயில்லைங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.