தந்தியில் விடுபட்ட ஆள்

திண்டுக்கல்லில் பெருமாள்சாமி புளி மண்டியில் தந்தி வந்தால் முதலில் ஓடுவது ராயப்பராஜ்தான். முதலாளி பெருமாள்சாமி புளியை மோந்து பார்த்தே நத்தம் மரமா வேறு ஊர் மரமா என்று சொல்லிவிடுவார். ஆனால் தந்தியைக் கையில் வாங்கினால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா சொல்றான்?" என்பார். மண்டியின் கணக்குப்பிள்ளையான ராயப்பராஜ் அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி அந்தத் தமிழைத்தான் நம்புவார், அதன்படிதான் மூட்டை ஏறும், இறங்கும்.

பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. ராயப்பராஜுக்குத்தான் அதில் உள்ள தொல்லை தெரியும். தந்தி அடிக்கிறவன் சொல்லுக்குச் சொல் காசு கொடுக்கிறான். அதனால் முதலில் வெட்டுவது ஆளைத்தான். 'வில் செண்ட் டுமாரோ' என்று வரும். நாளை அனுப்பப்படும் என்பது சரி, அனுப்புவது யார்? இங்கிலீஷ்காரன் அதைச் சொல்லாமலே போய்விடலாம். அவன் வினைச்சொல் யார் தலையிலும் பொருந்தும் தொப்பி. தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. 'அனுப்பு' வரைக்கும் எழுதிவிட்டு ராயப்பராஜின் பேனா நின்றுவிடும். அடுத்து அனுப்புகிறேனா, அனுப்புகிறோமா, அனுப்புகிறாரா என்று முடிவு கட்டினால்தான் சொல்லே முடியும். வெட்டிப்போட்ட ஆளைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பது தமிழில் எழுதுகிறவனின் தலையெழுத்து.

அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. அடியில் கம்பெனி பெயர் இருந்தால் 'அனுப்புகிறோம்'. தனித் தரகர் பெயர் இருந்தால் 'அனுப்புகிறேன்'. 'ரிக்வெஸ்ட் யூ கன்ஃபர்ம்' என்றால் வேண்டிக்கொள்வது அடியில் பெயர் போட்டவன், உறுதி சொல்ல வேண்டியது நாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. நாம் எதைக் கேட்டுத் தந்தி அடித்தோமோ அதற்குத்தான் பதில் வரும். 'லாரிக்காரர் வந்தாரா' என்று கேட்டிருந்தால், 'வில் கம் ஈவினிங்' என்பதில் வரப்போவது தரகர் இல்லை, லாரிக்காரர். அதனால் போன தந்தியின் நகலை ஆணியில் குத்தி வைத்திருப்பான். பதில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுவான்.

அன்று மாசித் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. புளி வரத்து உச்சத்தில் இருந்தது, மண்டிக்குள் கால் வைக்க இடமில்லை. மத்தியானம் தந்திகள் கொத்தாக வந்தன. ராயப்பராஜ் ஒவ்வொன்றாக நகலோடு சேர்த்துப் பார்த்து எழுதித் தள்ளிக்கொண்டே வந்தான். கடைசியாக ஒன்று. 'வில் ரீச் சண்டே மார்னிங். சண்முகவள்ளி.' மதராஸிலிருந்து வந்திருந்தது.

சண்முகவள்ளி முதலாளியின் ஒரே மகள். ஆணியில் அதற்கான நகல் எதுவும் இல்லை. மண்டியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. ஆகவே வழக்கப்படி அடியில் இருந்த பெயரையே ஆளாக்கினான். 'ஞாயிறு காலை வந்து சேர்கிறேன்.'

முதலாளி அதை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர்கிறேன்னா, அது மட்டுந்தானா?"

"அப்படித்தான் இருக்கு முதலாளி."

அவர் முகம் சுருங்கிப் போனது. ஏன் என்று ராயப்பராஜுக்குத் தெரியும், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். மருமகன் சுருளிவேல் பெரம்பூர் பக்கம் ஒரு மில்லில் மேஸ்திரி. ரோஷக்காரர். இரண்டு பொங்கலுக்கு முன்னால் விருந்தில் மருமகனுக்கு முந்தி மதராஸ் வியாபாரிக்கு இலை போட்டுவிட்டார் முதலாளி. வேண்டுமென்று செய்யவில்லை, வியாபார ஞாபகம். மருமகன் எழுந்து போனவர்தான், அதன்பின் இந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை. கோபித்துப் போன மருமகன் திரும்பி வரும்போது மாமனாரே எதிரே போய் நின்று அழைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அவர் வந்தால்தானே எதிரே போவதற்கு? மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை. "அவராத்தான் போனாரு, அவரா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

"சரி. ஜட்கா மீரானை ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு, பிள்ளையையும் பேரனையும் ஏத்திட்டு வந்துருவான். நான் விடியமுன்ன நத்தம் போறேன். தோப்புல புளி உலுக்கல் நடக்குது" என்றார் முதலாளி. திருவிழா நாளில் தோப்புக்குப் போகிறேன் என்கிற மனுஷரைப் பார்க்க ராயப்பராஜுக்குப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெயமேரி காப்பியை வைத்தாள். அவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். காப்பி ஆறும் வரை மண்டிக் கதை சொல்வது அவன் பழக்கம்.

"முதலாளி மக நாளைக்கு வருது. தனியாத்தான். மாப்பிள்ளை இந்தத் தடவையும் வரல."

ஜெயமேரி அடுப்பிலிருந்து திரும்பினாள். "தனியான்னு யாரு சொன்னது?"

"தந்தி வந்துச்சு. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"தந்தியில என்ன இருந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடப் பாவி மனுஷா, அது எனக்கு வந்த பதிலுங்க. ஒங்க முதலாளியம்மா கருப்பம்மாக்கா போன வாரம் என்னையக் கூப்பிட்டு, மாப்பிள்ளை திருவிழாவுக்கு வாராரான்னு கேட்டுத் தந்தி எழுதித் தான்னாக. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. நான்தான் எழுதிப் போட்டேன். 'மாப்பிள்ளை கமிங் ஃபெஸ்டிவல் ரிக்வெஸ்ட் கன்ஃபர்ம்.' அந்தப் பிள்ளை பழக்கத்துல மண்டி விலாசத்துக்கே பதில் போட்டுருச்சு."

ராயப்பராஜுக்குக் காப்பி இறங்கவில்லை. ஆணியில் நகல் இல்லாததன் காரணம் அவன் வீட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"கேட்டது மாப்பிள்ளையப் பத்தி. அப்ப வந்து சேர்றதும் அவருதான்" என்றான் மெல்ல.

"பின்ன? அந்தப் பிள்ளை வருசா வருசம் மாசிக்கு வருது. என்னைக்காவது தந்தி அடிச்சிருக்கா? ஒரு கார்டு போடும், அம்புட்டுத்தான். தந்தியாபீசுல போயி 'அவுக வாராக'ன்னு சொல்லியிருக்கும். புருஷன் பேரச் சொல்ல அதுக்கு வாய் வராது. எழுதுனவரு அந்த அவுகள விட்டுட்டுக் காசை மிச்சம் பண்ணிட்டாரு."

நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சரி. ஆனால் வாராக என்று முடிக்கும்போது அந்த முடிவிலேயே புருஷன் உட்கார்ந்திருப்பார். இங்கிலீஷில் போடும்போது அவர் வண்டியிலிருந்து தவறி விழுந்துவிட்டார். அந்த இடத்தில் ராயப்பராஜ் அவர் மனைவியை ஏற்றிவிட்டான்.

திருப்பித் தந்தி அடித்துக் கேட்கவும் வழியில்லை. இந்நேரம் அவர்கள் எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருப்பார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தான். மண்டியில் தப்பாக எழுதினால் ஒரு வண்டி புளி நிற்கும். இங்கே நிற்பது ஒரு குடும்பம்.

முதலாளி சாப்பிட்டு முடித்திருந்தார். ராயப்பராஜ் சுற்றி வளைக்காமல் சொன்னான். கருப்பம்மாள் பேரை மட்டும் சொல்லாமல், "வீட்டுலயிருந்து கேட்டிருக்காக" என்றான். அதற்குள் அந்தம்மாளே கதவோரம் வந்து நின்றார்.

"நான்தான் கேட்டேன். எத்தனை நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டே இருப்பீக?"

பெருமாள்சாமி மனைவியைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானம் வாரேன்னு எழுதுன. இப்ப வாராருங்குற. விடிஞ்சா வாரோம்ப போல."

"அந்தத் தந்தியில மூணும் அடங்கும் முதலாளி. அதான் அதுல உள்ள கோளாறு. நான் ஒண்ணைத்தான் எழுத முடியும்."

"அப்ப உறுதி கிடையாது."

"கிடையாது. கேட்டதையும் வந்ததையும் சேத்து வச்சுப் பாத்தா மாப்பிள்ளைன்னுதான் படுது. மத்தியானம் கேட்டது என்னன்னு தெரியாம எழுதிட்டேன். தப்பு என் மேலதான்."

"நான் போயி பிளாட்பாரத்துல நிக்கேன். அவரு வரலைன்னா? மாப்பிள்ளைக்காகக் காத்துக் கெடந்தான், வரலைன்னு ஊரே சிரிக்கும்ல?"

அதற்குக் கருப்பம்மாள்தான் பதில் சொன்னார். "அவரு வந்து, நீங்க நிக்கலைன்னா?"

முதலாளி எழுந்து கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கை. போறேன் என்றும் சொல்லவில்லை, போகலை என்றும் சொல்லவில்லை. ராயப்பராஜ் வீடு திரும்பினான். ஜெயமேரி கேட்டதற்கு, "ஆளைச் சொல்லிட்டேன், வினையை அவரு வச்சுக்கிட்டாரு" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் கொஞ்சம் இலேசானது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு ஜெயமேரி மட்டும் போனாள். ராயப்பராஜ் ஸ்டேஷனுக்குப் போனான். பிளாட்பாரத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. இவனைப் பார்த்ததும், "கூட்ஸ் கிளார்க்கைப் பாக்கணும்னு வந்தேன். வேகன் விசயம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த கூட்ஸ் கிளார்க், என்று ராயப்பராஜ் கேட்கவில்லை. "ஆமா முதலாளி, அவசர வேகன்தான்" என்றான். வெளியே ஜட்காவில் மீரான் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

மதராஸ் வண்டி புகையோடு வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து சண்முகவள்ளி இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு கூடை. பின்னால் ஒருவரும் இறங்கவில்லை. முதலாளியின் தோள் தொங்கிப் போனதை ராயப்பராஜ் பார்த்தான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவனுக்கு.

சண்முகவள்ளி அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பெட்டியின் சன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால், சுருளிவேல் இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மடியில் டிரங்குப் பெட்டி.

பெருமாள்சாமி வேகமாக நடந்தார். சன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற நினைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எறங்குங்க மாப்பிள்ளை. ஒங்களுக்காகத்தான் வந்து நிக்கேன். அன்னைக்கு நான் செஞ்சது தப்பு."

சுருளிவேல் டிரங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "வாரேன் மாமா" என்றார், அவ்வளவுதான். மாமனார் டிரங்கைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார், மருமகன் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வாசலுக்கு வந்தார்கள். ராயப்பராஜ் கூடையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தான். நெஞ்சு நிறைந்து கிடந்தது.

வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் சண்முகவள்ளியின் டிக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். சுருளிவேலுடையதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஒங்களுக்கு மதுரை வரைக்கும் இருக்கே. இங்கயே எறங்குறீகளா?"

மாமனார் வந்து நிற்காவிட்டால் நேரே மதுரைக்குப் போகத்தான் அந்த டிக்கெட் என்று ராயப்பராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. சுருளிவேல் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா," என்றார். "எறங்கிட்டேன்."