இடமிருந்து இரண்டாவது

அந்தக் காட்சி அட்டை நீலமா பச்சையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. சொன்னவர்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். அதில் ஒட்டியிருந்த வாசகத்தை மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்.

ஸாவித்ரி ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அந்த வருஷக் கண்காட்சிக்கு ஊரின் பஞ்சு மில்களைத் தலைப்பாக எடுத்தாள். பிள்ளைகளுக்கு அவள் போட்ட விதி ஒன்றுதான்: படத்துக்குக் கீழே இருபது சொற்களுக்கு மேல் கூடாது. யார், எங்கே, எப்போது. எழுத்து நாலடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும்.

பதினோராம் வகுப்பு இந்து கொண்டுவந்த குறிப்பு அரைப்பக்கம் இருந்தது.

"என்னட்டி, கல்யாணப் பத்திரிகையா எழுதிட்டு வந்திருக்க?" என்றாள் பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்த பாண்டிசெல்வி.

"செத்துப்போனவங்களைப் பத்தி இம்புட்டாவது எழுத வேண்டாமா?" என்றாள் இந்து.

படத்தில் ஐந்து பெண்கள் பஞ்சுப் பொதிகளுக்கு முன்னால் நின்றார்கள். பழைய மேஸ்திரி ஒருவர் வீட்டில் கிடைத்த நெகடிவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பெயர்கள் அவருடைய நோட்டில் வரிசையாக இருந்தன. ஸாவித்ரி சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு வரி நின்றது: 'பெயர் வரிசை நோட்டில் உள்ளபடி, நேரில் பார்த்தவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கவில்லை.'

"இது இருக்கட்டுமே மிஸ்."

"நின்னுக்கிட்டே படிக்கிறவங்களுக்கு இது எதுக்கும்மா?"

அந்த வரியும் போயிற்று. அட்டையில் ஏறியது இவ்வளவுதான்: 'பஞ்சு மில் தொழிலாளர்கள், 1986. இடமிருந்து இரண்டாவது: ரத்தினம். அதே ஆண்டு மில் தீ விபத்தில் இறந்தார்.'

கண்காட்சியின் முதல் நாள், சேத்தூரிலிருந்து மாரிசெல்வி வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் தாய். அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். ஸாவித்ரி அருகே போனாள்.

"ரத்தினம் எங்க அம்மா, டீச்சர். அவிய போறப்போ நான் கைக்குழந்த. வீட்ல ஒரு போட்டோகூடக் கிடையாது." கண்ணாடியைத் தொடுவதுபோல் அந்த முகத்தைத் தொட்டாள். "சிரிச்ச முகமா இருந்திருக்காவ, பாருங்க."

போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். அன்று பஸ்ஸில் ஸாவித்ரிக்கு மனம் நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை அட்டைகளைக் கழற்றும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. ஐந்து பேருக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது. ஐந்து பேருக்குமா? மேசை இழுப்பறையிலிருந்து நெகடிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிலிம் ஓரத்து எண்கள் நேராகத் தெரியும்படி திருப்பினாள். முந்தானைகள் இடது தோளுக்கு வந்தன. ஸ்டூடியோவில் நெகடிவைப் புரட்டி வைத்துவிட்டார்கள். நோட்டின் வரிசை சரிதான். படம்தான் இடவலம் மாறியிருந்தது. அட்டையில் ரத்தினம் நின்றது வலமிருந்து இரண்டாவதாக.

அந்த முகத்தைப் பார்த்தாள். படம் எடுத்த நொடியில் ரத்தினம் தலையைத் திருப்பியிருக்கிறாள். கழுத்தும் கொண்டையும் தெளிவாக இருந்தன. முகம் வெறும் கலங்கல்.

வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்று யோசித்தாள், மறுநாளும் யோசித்தாள். அதற்கு மறுநாள்தான் சேத்தூர் பஸ் ஏறினாள்.

மாரிசெல்வி வீட்டில் படம் ஏற்கெனவே சட்டத்துக்குள் இருந்தது. மல்லிகை மாலை, பொட்டு, கீழே விளக்கு. மாரிசெல்வி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஸாவித்ரி அதைத் தொடாமல் சொல்லி முடித்தாள். திருத்திய படத்தையும் எடுத்து நீட்டினாள்.

மாரிசெல்வி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பிப் பார்த்தாள். சட்டத்துக்கு அருகே வைத்துப் பார்த்தாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் ஓய்ந்தது.

"இதுல மூஞ்சியே இல்லையே டீச்சர்."

மாரிசெல்வி சட்டத்திலிருந்த முகத்தைக் காட்டினாள்.

"அப்போ இவிய யாரு?"

"நோட்டுல பேச்சியம்மாள்னு இருக்கு. வேற ஒண்ணும் தெரியல."

"இந்த வரிசை சரிதானான்னு உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"ஒரு பிள்ளைக்கு வந்தது. எழுதியிருந்தா. இடமில்லைன்னு நான்தான் அடிச்சேன்."

மாரிசெல்வி விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு நாளா அம்மான்னு கூப்பிட்டுட்டேனே."

காப்பியில் ஆடை படிந்தது. ஸாவித்ரி எழுந்து வந்துவிட்டாள்.

அந்த அட்டை பள்ளி நூலகத்தில் இருக்கிறது. திருத்திய படமும், இந்து எழுதிய அந்த வரியும் அதில் ஏறிவிட்டன. சொற்கள் இருபதைத் தாண்டுகின்றன. இந்து மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். பாண்டிசெல்வி ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாள். ஸாவித்ரி அடுத்த வருஷக் கண்காட்சியை வேறொருவரிடம் விட்டுவிட்டாள். மாரிசெல்வி சட்டத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். பேச்சியம்மாளைத் தேடி யாரும் வரவில்லை. முகமில்லாத படத்தை மாரிசெல்வி சுவரில் மாட்டவில்லை.