தடைக்கு நின்றவள்

கிளிநொச்சிப் பாடசாலைக் கண்காட்சியில் எங்கள் றோபோ வண்டியைப் பற்றிப் பேச வேண்டியவள் நான். முன்னால் இரண்டு பக்கமும் சைக்கிள் பிரேக் கம்பியில் மீசை வைத்து, வயர் பூட்டி, பேச்சும் எழுதியவள் நானே. பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்ததும் எங்கள் குழுவிலிருந்த பத்மாசனி முந்திக்கொண்டாள்.

"வண்டி முட்டுறதுக்குத் தடையொண்டு வேணும், தடைக்கு நீ போய் நில்லடி" என்றாள். நின்றேன்.

"இடது மீசை முட்டினா வலது சில்லுக்குப் போற கரண்ட் நிண்டிடும், சேர். இடது சில்லு மட்டும் ஓட, வண்டி வலப்பக்கம் திரும்பும். மீசை விலகினா ரெண்டும் ஓடும். இதின்ர யோசனை அவ்வளவுதான்."

என் பேச்சு. ஓர் எழுத்துப் பிசகில்லை.

"கெட்டிக்காரி. தனியவோ செய்தனீர்?"

"ஓம் சேர்."

"அந்தப் பிள்ளை?"

"அவ தடைக்கு நிக்கிறா."

வண்டி வந்து என் காலில் முட்டி, நான் பூட்டியபடியே விலகிப் போனது.