கண் மூடியவரின் கனவு

தான் பேச ஆரம்பித்தாலே கணவர் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்பது அந்த அம்மாவின் புகார். தூக்க ஆய்வுக்கூடத்தில் கணவருக்குப் பகல் தூக்கப் பரிசோதனை நடந்தபோது, அந்த அம்மா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தார். இங்கே டெக்னீஷியன் நானா அவரா என்று எனக்கே சந்தேகம்.

அடுத்த அறையில் தலை நிறைய ஒயர்களோடு கணவர் கண்ணை மூடினார். திரையில் மூளையின் ஆல்பா அலை சீராக ஓடியது.

“கண்ணுதான் மூடியிருக்கு. முழிச்சுதான் இருக்காரு,” என்றேன்.

“நான்தான் சொன்னேனே.”

சிறிது நேரத்தில் ஆல்பா கலைந்தது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய அலைகள் வரவே இல்லை. அதற்குள் கண் அசைவுக் கோடுகள் துள்ளின. தாடைத் தசையின் கோடு தட்டையாகப் படுத்துவிட்டது.

“இது நடிப்பு இல்லம்மா. நேரா கனவுத் தூக்கத்துக்கே போயிட்டாரு. முழிப்பை விழாம பிடிச்சு வைக்கிற சுவிட்ச் மூளையில தளர்ந்திருந்தா இப்படி ஆகலாம். மத்ததை டாக்டர் சொல்லுவாரு.”

அந்த அம்மா திரையருகே குனிந்தார்.

“கனவுல யாரு?”

“அது இதுல தெரியாதும்மா.”

“தெரியாதா, இல்ல சொல்லக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லி வச்சிருக்காரா?”